ஒன்றும் நடக்காத 36 வருடங்கள்

என் அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றது 2024 மே 31-ஆம் தேதி. அன்றோடு அவருக்கு அறுபது வயது என்பது ரயில்வேயின் கணக்கு. எங்கள் ஆயாவின் கணக்கு வேறு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 டிசம்பர் புயலின்போது அவர் இரண்டு மாதக் கைக்குழந்தை, ஐப்பசியில் பிறந்தவர் என்று ஆயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. 1969 ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிறையவில்லை. அதற்கென்ன என்று தலைமையாசிரியர் தானே ஒரு பிறந்த தேதியைக் கொடுத்துவிட்டார்: 1.6.1964. அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் இப்படி ஜூன் மாதத்தில் மறுபடி பிறந்தவர்கள்தான். ஒன்றாம் தேதி பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே வெளியேற வேண்டும் என்பது அரசு விதி. ஆக, வாத்தியாரின் பேனா அப்பாவின் வேலையில் ஐந்து மாதத்தைச் சுருட்டிக்கொண்டது. ரயில்களின் நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதிவைத்த மனிதரின் சொந்தத் தேதியே தப்பு.

கடைசி நாளுக்கு ஒரு நன்றிச் செய்தி அனுப்ப வேண்டும் என்று சித்தப்பா மகள்தான் ஆரம்பித்துவைத்தாள். குடும்ப வாட்ஸப் குழுவில் மாதிரிக்கு ஒன்றும் போட்டாள். தாமரைப்பூ, சூரிய உதயம், 'எங்களுக்காக ஓடி ஓடி உழைத்த தெய்வமே.' அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா ஓடவே இல்லை. ஓடியதெல்லாம் ரயில்கள். அவர் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் வேலையே உட்கார்ந்திருப்பது.

இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவர் சேர்ந்த காலத்தில் சின்ன ஸ்டேஷன்களின் வேலைக்கு ரயில்வே வைத்திருந்த வகைப்பெயரே 'எசென்ஷியலி இன்டர்மிட்டன்ட்' என்பது. அதாவது இடைவெளி விட்டுவிட்டு நடக்கிற வேலை. ரயில் வரும்போது வேலை, மற்ற நேரம் சும்மா இருப்பது என்று கணக்கிட்டு, எட்டு மணி நேரத்துக்குப் பதில் பன்னிரண்டு மணி நேர டூட்டி போடுவார்கள். அம்மாவுக்கு ஒருமுறை அப்பா இதை விளக்கினார். அம்மா கேட்டுவிட்டு, "வீட்டுக்கு வர்றதைத்தான அப்படிச் சொல்றாங்க?" என்றாள்.

நாங்கள் இருந்தது கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்புகளுக்கு இடையே ஒரு மீட்டர் கேஜ் ஸ்டேஷன். ஒற்றைப் பாதை. பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் குவார்ட்டர்ஸ், இன்னொரு கோடியில் தண்ணீர்த் தொட்டி. எக்ஸ்பிரஸ்கள் நிற்காது. ஜன்னலில் தெரிகிற முகங்கள் எங்களைப் பார்க்கக்கூட மாட்டா. அப்பா வெள்ளைச் சட்டையோடு பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு மட்டும் பதிலுக்குக் கொடி காட்டுவார். 'உன் தந்தை என்ன வேலை செய்கிறார்' என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னபோது, 'என் தந்தை ரயிலுக்கு உருண்டை கொடுப்பார்' என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அந்த உருண்டைக்குப் பெயர் டோக்கன். இன்றைக்கு முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையில் ஒரு சமயத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதை உறுதி செய்ய, இரண்டு ஸ்டேஷன்களிலும் ஜோடியாக ஒவ்வொரு கருவி இருக்கும். நீல்ஸ் டோக்கன் கருவி என்பார்கள். அதற்குள் உள்ளங்கையில் அடங்குகிற உலோக உருண்டைகள். ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு ஸ்டேஷன்களின் பெயரும் பொறித்திருக்கும். இந்தப் பக்கத்து மாஸ்டர் மணியடித்துக் கேட்டு, அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் ஒரு உருண்டை வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதை மறுபடி ஏதாவது ஒரு கருவிக்குள் போடும்வரை இரண்டு பக்கமும் பூட்டு. தலைகீழாக நின்றாலும் இரண்டாவது உருண்டை வராது. டிரைவர் கையில் அந்த உருண்டை இருந்தால்தான் அந்தத் துண்டுப் பாதை அவருக்குச் சொந்தம்.

மணிக்கும் ஒரு பாஷை உண்டு. ஒரு அடி என்றால் 'கவனி.' இரண்டு, 'லைன் கிளியரா?' மூன்று, 'ரயில் உள்ளே நுழைந்துவிட்டது.' நான்கு, 'ரயில் வந்து சேர்ந்தது.' ஆறு அடித்தால் ஆபத்து. தாலாட்டுக்குப் பதில் இந்த மணியைக் கேட்டுத் தூங்கிய பிள்ளைகள் நாங்கள். நான்கு அடி விழுந்தால்தான் அம்மா புரண்டு படுப்பாள்.

நிற்காத ரயிலுக்கு டோக்கனைக் கொடுப்பது தனி வித்தை. ஒரு தோல் பைக்குள் உருண்டையைப் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பார ஓரத்தில் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். இன்ஜினிலிருந்து உதவி டிரைவர் பழைய வளையத்தை வீசிவிட்டு, புது வளையத்துக்குள் கையைக் கொடுத்து வாரிக்கொண்டு போவார். பகலில் பார்க்க அழகாக இருக்கும். இரவில், மழையில், கையை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

2001 ஐப்பசியில் ஒரு ராத்திரி அப்படி வீசிய வளையம் பிளாட்பாரக் கோடியில் போய் விழுந்தது. மழை. பாயிண்ட்ஸ்மேன் ஓடிப்போய் எடுத்தால் வளையம் இருக்கிறது, பை இருக்கிறது, பையின் வார் அவிழ்ந்து கிடக்கிறது. உருண்டை இல்லை.

ரயில் பத்திரமாகப் போய்விட்டது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கை அப்பா கண்ணால் பார்த்துவிட்டார். அந்த விளக்கு தெரிந்தால்தான் ரயில் முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். தெரியாவிட்டால் பாதி ரயில் பின்னால் எங்கோ கழன்று நிற்கலாம். ஆனால் கண்ணால் பார்த்ததைக் கருவி நம்பாது. அதற்கு உருண்டை வேண்டும். உருண்டை வராதவரை, அந்தப் பாதையில் இன்னும் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்த ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு பாசஞ்சர். திருச்சியிலிருந்து கன்ட்ரோலர் போனில் கத்துகிறார்.

இந்த மாதிரி நேரத்துக்கு வழி இல்லாமல் இல்லை. கருவியை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு மாஸ்டர்களும் போனில் பேசி, டிரைவருக்குக் கையால் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். பேப்பர் லைன் கிளியர் என்று பெயர். போனில் பேசுவது யார் வேண்டுமானாலும் பேசலாம், தூக்கக் கலக்கத்தில் ஆமாம் சொல்லிவிடலாம். அதனால் ஒவ்வொரு சம்மதத்துக்கும் ஒரு பிரைவேட் நம்பர் சொல்ல வேண்டும். ஒழுங்கில்லாமல் கலைத்துப்போட்ட இரண்டு இலக்க எண்கள் அச்சடித்த தாள் ஒன்று ஒவ்வொரு மாஸ்டரிடமும் பூட்டில் இருக்கும். அடுத்தது எது என்று எதிராளிக்குத் தெரியாது. வரிசைப்படி ஒன்றைச் சொல்லி, உடனே அதை அடித்துவிட்டு, எந்த ரயில், எத்தனை மணி என்று எழுத வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லித் தன் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு விபத்து விசாரணை என்று வந்தால், 'நான் சொல்லவே இல்லை' என்று ஒருவர் தப்பிக்க முடியாது. அப்பா வீட்டிலும் இந்த வழக்கத்தை விடவில்லை. கடைக்கு அனுப்பினால், "கால் கிலோ துவரம்பருப்பு, திருப்பிச் சொல்லு" என்பார்.

அன்று கூட்ஸை அப்படித்தான் விட்டார். ஆனால் ஒவ்வொரு ரயிலையும் நிறுத்தி, சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கிக் கையில் கொடுப்பதற்குள் விடிந்துவிடும். உருண்டை தொலைந்தே போனால் இலாகா விசாரணை, பாயிண்ட்ஸ்மேனுக்கு விளக்கக் கடிதம், அப்பாவுக்கும் சேர்த்து. பாயிண்ட்ஸ்மேன் மாமா மழையில் மண்டியிட்டு ஜல்லியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா அரிக்கேனோடு போனாள். தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்த நானும் பின்னாலேயே போனேன். எல்லாரும் தண்டவாளத்தின் ஓரமாகத் தேட, நான் மட்டும் தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் ஓடுகிற கால்வாயில் இறங்கினேன். உருண்டையாக இருப்பது பள்ளத்துக்குத்தானே போகும் என்பது என் பத்து வயது விஞ்ஞானம். கோரைப்புல்லுக்கு அடியில் சில்லென்று கையில் தட்டுப்பட்டது.

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்து மேஜைமேல் வைத்தேன். அப்பா அதைத் துடைத்தார், பெயரைப் படித்தார், கருவிக்குள் போட்டார், நான்கு மணி அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "யாரு உன்ன லைன் பக்கம் வரச் சொன்னது?" என்றார்.

அவ்வளவுதான். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை நான். டூட்டி மாறியதில் அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்று பிறகு அம்மா சொன்னாள்.

இப்போது அந்த ஸ்டேஷன் இல்லை, அதாவது இருக்கிறது. விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே மீட்டர் கேஜ் 2006-இல் நின்றது. 2010-இல் அகலப் பாதையாகத் திறந்தது. இடையில் அப்பாவை வேறு வேறு ஊர்களுக்குப் பந்தாடினார்கள். திரும்பி வந்தபோது கைகாட்டி மரங்கள் போய் வண்ண விளக்குகள் வந்திருந்தன. நெம்புகோல்கள் இருந்த இடத்தில் முதலில் பொத்தான்கள், பிறகு கம்ப்யூட்டர் திரை. சிவப்புக் கோடு என்றால் ரயில் நிற்கிறது, மவுஸைச் சொடுக்கினால் பாதை மாறும். உருண்டைக்குப் பதில் ஆக்சில் கவுண்டர். தண்டவாளத்தோடு ஒட்டிய உணரி, உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணுகிறது. இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் பாதை காலி. கடைசிப் பெட்டி விளக்கை யாரும் பார்க்காவிட்டாலும் அது கண்டுபிடித்துவிடும். அப்பா மட்டும் விடாமல் வெளியே வந்து நின்று பார்த்தார். "அது எண்ணுது, நான் பாக்கறேன். ரெண்டும் வேற" என்றார். மழையில் அது சில சமயம் எண்ணிக்கை தப்பும், அப்போது மறுபடி போன், மறுபடி பிரைவேட் நம்பர், மறுபடி சீட்டு. அந்த நாட்களில் வீட்டுக்கு வரும்போது அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருக்கும்.

நானும் இப்போது உட்கார்ந்திருக்கிற வேலைதான் பார்க்கிறேன், சென்னையில். ராத்திரி ஷிப்டில் அமெரிக்க வங்கி ஒன்றின் சர்வர்களைக் கண்காணிப்பது. தீபாவளிக்கு அப்பா வீட்டில் இல்லை என்று அழுதவள், போன தீபாவளிக்கு என் மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு ஆபீசில் இருந்தேன். எங்கள் மேலாளர் மாதக் கடைசியில் கேட்பார்: "இந்த மாசம் ஒண்ணும் நடக்கலையே, உங்க டீம் என்ன பண்ணுச்சு?" அப்பாவை இப்படிக் கேட்டிருந்தால் அவர் மகிழ்ந்துபோயிருப்பார். 36 வருடம் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நடக்காததற்கு எப்படி நன்றி சொல்வது என்பதுதான் என் சிக்கல். தாமரைப்பூவை எங்கே வைப்பது?

அவருடைய கடைசி டூட்டி 30-ஆம் தேதி இரவு தொடங்கி 31 காலை ஆறு மணிக்கு முடிந்தது. டூட்டியில் செல்போனைத் தொட மாட்டார், பைக்குள் அணைத்து வைத்திருப்பார். பொறுப்பை ஒப்படைத்து, டைரியில் கையெழுத்துப் போட்டு, போனைத் திறக்க ஆறேகால் ஆகும் என்று கணக்குப் போட்டு, என் ஷிப்டு முடிகிற நேரத்தில் இதை அனுப்பினேன்:

'அப்பா, நீங்கள் பொறுப்பை ஒப்படைத்திருப்பீர்கள். நீங்கள் விட்ட ரயில்களில் ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் யாருக்கும் உங்களைத் தெரியாது. அவர்கள் சார்பில் நன்றி. வெளியே வந்து நின்று பார்த்த ஒவ்வொரு கடைசி விளக்குக்கும் நன்றி. நான்கு மணி கேட்டு நாங்கள் தூங்கியதற்கு நன்றி. 2001-இல் ராமேஸ்வரம் போகிற வண்டி வீசிய டோக்கனை ராத்திரி இரண்டரை மணிக்கு நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை, அதையும் சேர்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். இது கிடைத்ததற்கு அடையாளமாக ஒரு பிரைவேட் நம்பர் அனுப்பவும்.'

அனுப்பிவிட்டு, இது அவரை அழவைக்கும் என்று நினைத்தேன். நான் கொஞ்சம் அழுதேன் என்பதால் அப்படித் தோன்றியிருக்கும். நீல டிக் விழுந்தது. உடனே போன் வந்தது.

"பாப்பா, மெசேஜ் பாத்தேன். பிரைவேட் நம்பர் தாள் ஸ்டேஷனோடது. சார்ஜ் குடுத்தாச்சு. வீட்டு விஷயத்துக்கெல்லாம் அதுலேர்ந்து குடுக்கக் கூடாது."

"சரிப்பா."

"அப்புறம், அதுல ரெண்டு தப்பு இருக்கு. அது ராமேஸ்வரம் போற வண்டி இல்ல, மெட்ராஸ் போற வண்டி. டோக்கன் கிடைச்சது ரெண்டரைக்கு இல்ல, மூணு அஞ்சுக்கு. நான் டைரில எழுதினேன்."

"யாரு கண்டுபிடிச்சதுன்னு எழுதினீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஏதோ ரயில் போனது. அது முழுசாகப் போகும்வரை அவர் பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"பாயிண்ட்ஸ்மேன்னு எழுதினேன்" என்றார். "உன் பேரு எழுதினா, ராத்திரி மூணு மணிக்குப் பத்து வயசுப் புள்ள லைன்ல என்ன பண்ணுச்சுன்னு எனக்கு சார்ஜ் ஷீட் வரும். தொலைச்சவனே கண்டுபிடிச்சான்னு எழுதினா அவன் விளக்கக் கடிதமும் அதோட முடிஞ்சிரும். முப்பத்தாறு வருஷத்துல நான் டைரில எழுதின ஒரே பொய் அதுதான்."

"அப்ப நான் கண்டுபிடிச்சதுக்கு ரெக்கார்டே இல்ல?"

"இல்ல. மெசேஜையும் சரி பண்ணிரு. சித்தப்பால்லாம் படிப்பாங்க. அழிக்காத, அடிச்சிட்டு மேல எழுதி இனிஷியல் போடு."

வாட்ஸப்பில் அடித்து எழுதி இனிஷியல் போட வழியில்லை, பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்தலாம், அவ்வளவுதான் என்றேன். பழைய எழுத்து தெரியாமலே போய்விடுமா என்று கேட்டார். ஆமாம் என்றதும், "அது எப்படி ரெக்கார்டு ஆகும்?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. வண்டியை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன். 'நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன்' என்பதை எடுத்துவிட்டு, 'பாயிண்ட்ஸ்மேன் கண்டுபிடித்தார்' என்று போட்டேன். அதற்குப் பிறகு வந்த நன்றியெல்லாம் மாமாவுக்குப் போய்விட்டது. எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று அப்பாவிடம் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு, திருச்சியில் அவருடைய வழியனுப்பு விழாவுக்கு நேரமாகிறது என்று போனை வைத்தேன்.